டயப்பர் தீர்வதற்கு மூன்று நாள் முன்பு

நச்சரிப்பு என்பதற்கு இந்திய அரசின் ஆவணம் ஒன்றில் விளக்கமே எழுதப்பட்டிருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், இணைய வணிகத்தில் வாடிக்கையாளரை மடக்கக் கையாளும் 13 தந்திரங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகின்றன. 'டார்க் பேட்டர்ன்' என்று தொழிலில் அழைக்கப்படும் இவற்றில் நச்சரிப்பும் ஒன்று. ஒன்றை வாங்கவைப்பதற்காக ஒருவரைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்வது என்பது அதன் பொருள். 'வேண்டாம்' என்று சொல்ல வழியே கொடுக்காமல் நோட்டிஃபிகேஷனை ஆன் செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பது அதற்கு ஓர் உதாரணமாகவும் தரப்பட்டிருக்கிறது.

ஆனால் ஷாப்பிங் ஆப் அனுப்பும் எல்லாத் தகவலும் தொந்தரவு இல்லை. 'உங்கள் பார்சல் இன்று மாலைக்குள் வரும்' என்ற வரியைப் பார்த்து யாரும் சலித்துக்கொள்வதில்லை, வராவிட்டால்தான் கோபம். 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 237 பேருக்கு இரண்டு வாரங்கள் நோட்டிஃபிகேஷன்களை வெவ்வேறு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நாளுக்கு மூன்று வேளையாகச் சேர்த்துக் கொடுத்தபோது மனநிலையும் வேலையில் கவனமும் மேம்பட்டன. அடியோடு நிறுத்தியவர்களுக்கோ, எதையோ தவறவிடுகிறோம் என்ற பதற்றம் கூடியது. ஆக, மக்கள் கேட்பது மௌனம் அல்ல. தேவையானது தேவையான நேரத்தில் வரவேண்டும், அவ்வளவுதான்.

அது ஏன் இவ்வளவு அரிதாக நடக்கிறது? முதல் காரணம் செலவு. ஒரு விளம்பரக் குறுஞ்செய்தி அனுப்ப ஒவ்வொன்றுக்கும் காசு கொடுக்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மேல் அனுப்பக் கூடாது. ஆப் வழியாகப் போகும் நோட்டிஃபிகேஷனுக்கு இந்தத் தடைகள் எதுவும் இல்லை. ஆண்ட்ராய்டு போன்களுக்குத் தகவலைக் கொண்டுசேர்க்கும் கூகுளின் சேவைக்குக் கட்டணமே கிடையாது. ஒரு லட்சம் பேருக்கு அனுப்பினாலும் பத்து லட்சம் பேருக்கு அனுப்பினாலும் பில் ஒன்றுதான் என்றால், யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று உட்கார்ந்து பிரிக்க எந்த மார்க்கெட்டிங் பிரிவுக்குத்தான் பொறுமை இருக்கும்?

இலவசம் என்பது மேலோட்டமான கணக்கு. இதற்கான விலை வேறு இடத்தில் போகிறது.

ஐபோனுக்கு இந்த வசதி 2009இல் வந்தபோதே, பயனாளரிடம் அனுமதி கேட்டுத்தான் அனுப்ப முடியும் என்று ஆப்பிள் வைத்துவிட்டது. அந்த அனுமதிப் பெட்டி ஒரே ஒரு முறைதான் தோன்றும். அவர் மறுத்துவிட்டால் பிறகு அவராகவே செட்டிங்ஸுக்குள் போய் மாற்றினால்தான் உண்டு. ஆண்ட்ராய்டில் நீண்ட காலம் கேட்காமலே அனுப்பலாம் என்றிருந்தது. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 அங்கும் அனுமதியைக் கட்டாயமாக்கியது. ஆப்பை நிறுவிய முதல் நொடியிலேயே, இன்னும் ஒரு பொருளைக்கூடப் பார்க்காதவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்பது, கிடைத்த ஒரே வாய்ப்பை வீணடிப்பது. முதல் ஆர்டரைப் போட்டு முடித்ததும், 'டெலிவரி எப்போது என்று தெரிவிக்கலாமா?' என்று கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும். அந்தக் கணத்தில் அவருக்கே அந்தத் தகவல் தேவைப்படுகிறது.

ஆண்ட்ராய்டு 8 வந்தது 2017இல். அதிலிருந்து ஒவ்வொரு ஆப்பும் தன் நோட்டிஃபிகேஷன்களைத் தனித்தனி 'சேனல்'களாகப் பிரித்தாக வேண்டும். டெலிவரி ஒரு சேனல், பணம் திரும்ப வருவது ஒன்று, ஆஃபர் இன்னொன்று. பயனாளர் தமக்கு வேண்டாததை மட்டும் அணைத்துக்கொள்ளலாம். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். எதை எந்தச் சேனலில் போடுவது என்பதை மட்டும் கூகுள் சோதிப்பதில்லை. அது ஆப் தயாரிப்பவரின் நேர்மைக்கு விடப்பட்டிருக்கிறது. தள்ளுபடிச் செய்தியை 'ஆர்டர் விவரம்' சேனலில் நுழைத்து அனுப்பும் வேலை அங்கேதான் நடக்கிறது. டெலிவரி தகவலுக்குப் பயந்து யாரும் அந்தச் சேனலை அணைக்க மாட்டார்கள் என்பது கணக்கு.

அணைக்கிறார்கள். அதுவும் மொத்தமாக. அதற்குப் பிறகு பார்சல் வரும் நாளில் அவருக்குத் தகவல் போகாது, வீடு பூட்டியிருக்கும், டெலிவரிக்கு வந்தவர் போன் செய்து, எடுக்கவில்லை என்றால் பார்சலைத் திரும்பக் கொண்டுபோய், மறுநாள் மீண்டும் வர வேண்டும். இலவசமாக அனுப்பிய ஆஃபரின் விலை இப்படி பெட்ரோலாகவும் ஆள்கூலியாகவும் வேறொரு பிரிவின் கணக்கில் ஏறுகிறது. மார்க்கெட்டிங் பிரிவின் மாதாந்திர அறிக்கையில் அது தெரியவே தெரியாது.

சரியாக எழுதுவது எப்படி என்பதற்கு ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு கடைசிவரை பார்க்கலாம். குழந்தைக்கான டயப்பர்.

திருநெல்வேலியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 60 டயப்பர் கொண்ட ஸ்மால் சைஸ் பாக்கெட்டை மார்ச் 2 அன்று ஆப்பில் வாங்குகிறார்கள். அடுத்தது மார்ச் 20. அதற்கடுத்து ஏப்ரல் 8. இடைவெளி 18 நாள், 19 நாள். ஒரு நாளைக்கு மூன்று டயப்பருக்குச் சற்று அதிகம். ஆறு மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஐந்து, ஆறு ஆகும் என்று ஒரு பொதுக் கணக்கைப் போட்டிருந்தால் பத்து, பன்னிரண்டு நாளிலேயே 'தீர்ந்துவிட்டதா?' என்று கேட்டிருப்பார்கள். நம் வீடுகளில் பகலில் துணி கட்டிவிட்டு, இரவிலும் வெளியே போகும்போதும் மட்டும் டயப்பர் போடுவது சர்வசாதாரணம். ஆகவே பொதுக் கணக்கு இங்கே உதவாது. அந்த வீட்டின் சொந்த இடைவெளிதான் உதவும். ஒரே ஒரு முறை வாங்கியவருக்கு இடைவெளி என்று எதுவும் இல்லை. அவருக்கு நினைவூட்டல் அனுப்பாமல் இருப்பதே சரி.

ஏப்ரல் 8இலிருந்து 18 நாள் கழித்தால் ஏப்ரல் 26. அன்றைக்குக் கையில் பாக்கெட் இருக்க வேண்டும். ஊருக்கு டெலிவரி இரண்டு நாள் ஆகும் என்றால் 24ஆம் தேதிக்குள் ஆர்டர் விழ வேண்டும். ஒரு நாள் கையிருப்பாக விட்டால், அனுப்ப வேண்டிய நாள் ஏப்ரல் 23. நேரத்தை முடிவு செய்வதும் அதே வீட்டின் வரலாறுதான். முந்தைய மூன்று ஆர்டர்களும் இரவு எட்டரை மணியை ஒட்டிப் போடப்பட்டிருந்தால், அதுதான் குழந்தை தூங்கி, வீட்டில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும் நேரம். காலை பத்து மணிக்கு அனுப்பினால் யாரோ குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது வாசகம். வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: 'ஹாய் அம்மா! உங்க குட்டிச் செல்லத்துக்கு சூப்பர் டூப்பர் ஆஃபர் காத்திருக்கு! மிஸ் பண்ணிடாதீங்க!' இதில் தகவல் என்று ஒன்றுமே இல்லை. எந்தப் பொருள், என்ன விலை, எப்போது வரும் என்பதெல்லாம் உள்ளே போனால்தான் தெரியும். போனை வைத்திருப்பவர் அப்பாவாகவோ தாத்தாவாகவோ இருக்கலாம் என்பதையும் எழுதியவர் யோசிக்கவில்லை.

மாற்றி எழுதினால்: தலைப்பில், 'டயப்பர் ஸ்மால் 60: இன்று போட்டால் 25ஆம் தேதி வரும்'. கீழே, 'போன முறை வாங்கிய அதே விலை. குழந்தை 7 கிலோ தாண்டியிருந்தால் மீடியம் சைஸ் பாருங்கள்.' அவ்வளவு போதும். கடைசி வாக்கியம் அலங்காரத்துக்கு அல்ல. ஸ்மால் சைஸ் பொதுவாக 4 முதல் 8 கிலோ வரை, மீடியம் 7இலிருந்து 12 வரை என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். மூன்று பாக்கெட் தாண்டிய குழந்தை வளர்ந்திருக்கும். பழைய சைஸையே மறுபடி வாங்கித் திருப்பி அனுப்பும் தொல்லையிலிருந்து அந்த ஒரு வரி இருவரையும் காப்பாற்றுகிறது.

தொட்டால் எங்கே போகிறது என்பதும் எழுத்தின் ஒரு பகுதிதான். ஸ்மால், மீடியம் இரண்டும் தெரியும் அந்தப் பொருளின் பக்கத்துக்கே போக வேண்டும். முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, வண்ண வண்ணப் பேனர்களுக்கு நடுவே தேடவைத்தால், வாசகம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. ஆண்ட்ராய்டில் நோட்டிஃபிகேஷனின் அடியில் மூன்று பொத்தான்கள் வரை வைக்கலாம். 'ஆர்டர் செய்ய', 'ஒரு வாரம் கழித்து', 'இனி வேண்டாம்' என்று வைத்தால் மூன்று பதிலுமே நிறுவனத்துக்குப் பயன்படும் பதில்கள்.

மூன்றாவது பொத்தான்தான் பலரும் வைக்கத் தயங்குவது. டயப்பர் வாங்குவது நின்றுபோக எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். தெருமுனை மெடிக்கலில் வாங்கியிருக்கலாம். குழந்தைக்குத் தோல் தடித்துத் துணிக்கே மாறியிருக்கலாம். குடும்பத்தில் நடக்கக் கூடாதது நடந்திருக்கலாம். ஆப்புக்கு இவற்றில் எதுவும் தெரியாது. எனவே 23ஆம் தேதி அனுப்பியதற்குப் பதில் இல்லை என்றால் 26ஆம் தேதி இன்னொன்று. அதற்கும் பதில் இல்லை என்றால் அவர்களாக வாங்கும்வரை பேச்சே கூடாது. பிரிட்டனில் பூ விற்கும் புளூம் அண்ட் வைல்டு நிறுவனம் 2019இல், அன்னையர் தினத்தையொட்டிய மின்னஞ்சல்கள் வேண்டாம் என்பவர்கள் அதை மட்டும் தவிர்க்க வழி செய்தது. தாயை இழந்தவர்களுக்கும் குழந்தையை இழந்தவர்களுக்கும் அந்த வாரம் எப்படியிருக்கும் என்று யோசித்த ஏற்பாடு அது. மற்ற நிறுவனங்களும் பின்னர் அந்த வழியைப் பின்பற்றின.

இந்த டயப்பர் கணக்கில் அதிகம் கோட்டைவிடுவது ஒரே இடத்தில். நினைவூட்டலை ஏப்ரல் 8 அன்றே வரிசையில் போட்டு வைத்துவிடுவார்கள். 23ஆம் தேதி அது தானாகக் கிளம்பும். இடையில் 21ஆம் தேதி அவர்களே வாங்கியிருந்தால்? வாங்கிய பொருளையே வாங்கச் சொல்லும் அசட்டு நோட்டிஃபிகேஷன்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. கிளம்பும் அந்த நொடியில் நான்கு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும்: இதற்குள் வாங்கிவிட்டார்களா, சரக்கு அந்த ஊருக்கு இருக்கிறதா, விலை அதேதானா, அன்றைக்கு வேறு ஏதாவது ஏற்கெனவே அனுப்பிவிட்டோமா. விலை ஏறியிருந்தால் 'அதே விலை' என்ற வாக்கியம் பொய்யாகிவிடும். வாசகத்தை எழுதுபவரும் நிரலை எழுதுபவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியது இதற்காகத்தான்.

அனுப்பிய பிறகும் கதை முடிவதில்லை. போன் அணைந்திருந்தால், அல்லது சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தால், கூகுளின் சேவை அந்தத் தகவலைத் தன்னிடமே வைத்திருந்து பிறகு கொடுக்கும். எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும் என்று அனுப்புபவர் குறிப்பிடாவிட்டால், நான்கு வாரம் வரை வைத்திருக்கும். 'இன்று இரவு 12 மணி வரை மட்டும்' என்ற ஆஃபர் மறுநாள் காலை போனை ஆன் செய்ததும் வந்து நிற்பது இதனால்தான். இன்றோடு முடியும் தகவலுக்கு இன்றோடு முடியும் ஆயுள் கொடுக்க வேண்டும். இது ஒரே ஒரு எண்ணை நிரப்பும் வேலை. அதேபோல் 'பேக் செய்யப்பட்டது', 'கிளம்பிவிட்டது', 'உங்கள் ஊருக்கு வந்துவிட்டது' என்று அடுத்தடுத்து வருபவற்றை, புதியது பழையதன் மேல் வந்து அமரும்படி செய்யவும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தாததால்தான் ஒரே பார்சலுக்கு ஐந்து வரிகள் திரையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

தமிழில் எழுதும்போது கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பூட்டிய திரையில் தலைப்புக்குக் கிடைப்பது ஒரே வரி. தமிழ் எழுத்துகள் அகலமானவை. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். 'தாங்கள் ஆர்டர் செய்திருந்த பொருள்கள் அடங்கிய பார்சல் நாளை காலை 11 மணிக்குள்...' என்பதோடு வரி அறுந்துபோகும். வருமா, வராதா, தாமதமா என்பது அந்த மூன்று புள்ளிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதனால் விஷயத்தை முன்னுக்கு இழுக்க வேண்டும்: 'நாளை 11க்குள் டெலிவரி'. தாமதமென்றால், 'தாமதம்: வியாழன் வரும்'. இலக்கணம் பார்த்து முழு வாக்கியமாக எழுத வேண்டியது இரண்டாவது வரியில்தான்.

அந்தப் பூட்டிய திரையை வாங்கியவர் மட்டுமே பார்ப்பார் என்பதும் நிச்சயமில்லை. போன் சாப்பாட்டு மேசையில் கிடக்கும். பல வீடுகளில் ஒரே போனைப் பலர் எடுப்பார்கள். டயப்பர் என்றால் பரவாயில்லை. கர்ப்பப் பரிசோதனைக் கருவி, உள்ளாடை, மருந்து போன்றவற்றின் பெயரைத் திரையில் போடாமல் 'உங்கள் பார்சல்' என்று நிறுத்திக்கொள்வதே மரியாதை.

'கடைசி இரண்டு பீஸ்தான்!' என்ற வகை வாசகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உண்மையிலேயே இரண்டுதான் இருக்கிறது, அந்தப் பொருள் வந்தால் சொல்லுங்கள் என்று அவரே கேட்டிருந்தார் என்றால், அது உதவி. கிடங்கில் ஆயிரம் இருக்கும்போது அப்படிச் சொன்னால், 2023 நெறிமுறைகளின்படி அது 'போலி அவசரம்'. 13 தந்திரங்களில் அதுவும் ஒன்று. கார்ட்டில் போட்டுவிட்டு வாங்காமல் விட்டவருக்கும் இதே அளவுகோல்தான். ஒரு முறை நினைவூட்டலாம். அதன் விலை குறைந்தால் இன்னொரு முறை சொல்லலாம். 'உங்களை மிஸ் பண்ணுகிறோம்' என்று ஒரு கடை ஏங்குவதில் யாருக்கும் பிரயோஜனமில்லை.

இவ்வளவு தெரிந்தும் நிறுவனங்கள் ஏன் குறைப்பதில்லை? அளக்கும் முறையில் இருக்கிறது கோளாறு. பத்து நோட்டிஃபிகேஷன் அனுப்பினால் இரண்டு அனுப்பியதைவிட அன்றைய விற்பனை நிச்சயம் கூடும். அனுப்பியவர் அதைக் காட்டிப் பாராட்டு வாங்குவார். சலித்துப்போய் ஒருவர் அணைத்ததும், ஆப்பையே நீக்கியதும் அன்றைய கணக்கில் வராது. பல வாரங்களில் சொட்டுச் சொட்டாக நடக்கும். பேஸ்புக்கின் பகுப்பாய்வுக் குழு 2022 இறுதியில் வெளியிட்ட கட்டுரை இதற்கு நல்ல சாட்சி. ஒரு பகுதிப் பயனாளர்களுக்கு நோட்டிஃபிகேஷன்களை வெகுவாகக் குறைத்துப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் அவர்கள் வருகை குறைந்தது. வழக்கம்போல அங்கேயே சோதனையை நிறுத்தியிருந்தால், குறைப்பது தவறு என்று முடிவு கட்டியிருப்பார்கள். நிறுத்தவில்லை. போகப் போக வருகை பழைய நிலைக்கு மீண்டது. ஓராண்டளவில் பார்த்தபோது பயன்பாடு முன்பைவிடக் கூடியிருந்தது.

ஷாப்பிங் ஆப்களும் இதைச் செய்துபார்க்கக் கருவிகள் கையிலேயே இருக்கின்றன. வாடிக்கையாளர்களில் ஒரு சிறு பகுதிக்கு ஆஃபர் எதுவும் அனுப்பாமல் மூன்று, நான்கு மாதம் விட்டுவிட்டு, மற்றவர்களோடு ஒப்பிட வேண்டும். அனுப்பாமலே அவர்களும் ஏறக்குறைய அதே அளவு வாங்குகிறார்கள் என்றால், அந்த ஆஃபர்கள் விற்றுத் தந்ததாகக் காட்டப்படும் தொகையில் பெரும்பகுதி எப்படியும் வரவிருந்ததுதான். ஆப் நீக்கப்பட்ட போனுக்கு அனுப்பினால், அந்த முகவரி இனி இல்லை என்று கூகுளும் ஆப்பிளும் திருப்பிச் சொல்லும். ஒவ்வொரு கேம்பெயினுக்குப் பிறகும் அந்த எண்ணிக்கை எவ்வளவு ஏறுகிறது, எத்தனை பேர் எந்தச் சேனலை அணைத்தார்கள் என்பதை, எத்தனை பேர் தொட்டார்கள் என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே அதே தாளில் போட வேண்டும். தொட்டவர்களை மட்டும் எண்ணினால் எந்த நச்சரிப்பும் வெற்றியாகத்தான் தெரியும்.

வாசகர்கள் தங்கள் பக்கத்தில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தொந்தரவு தாங்காமல் ஆப்பின் நோட்டிஃபிகேஷனை மொத்தமாக அணைத்துவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு போனில், வந்த ஆஃபரின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அது எந்தச் சேனலில் வந்தது என்று காட்டும். அதை மட்டும் அணைக்கலாம். ஐபோனில் அந்தப் பிரிவு இல்லை. ஆனால் விளம்பர நோட்டிஃபிகேஷனுக்குப் பயனாளரின் தனிச் சம்மதம் வேண்டும், பிறகு வேண்டாம் என்று சொல்ல ஆப்புக்குள்ளேயே வழியும் வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. அந்தந்த ஆப்பின் செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள். ஆஃபரை டெலிவரி சேனலில் ஒளித்து அனுப்புகிறார்கள், நிறுத்தவும் வழியில்லை என்றால், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துப் புகார் கொடுக்கலாம்.